நீர்க்கடுப்பு குறைந்த பிறகு காய்ச்சலும் முதுகுவலியும் வந்தால்

கேள்வி: "3 நாளாக நீர்க்கடுப்பு, அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. முதல் நாளே நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். எரிச்சல் பாதி குறைந்துவிட்டது. ஆனால் நேற்று இரவு உடம்பு நடுங்கி 101.8 காய்ச்சல், முதுகில் வலப்பக்கம் வலி. பாராசிட்டமால் போட்டால் இறங்குகிறது, பிறகு ஏறுகிறது. வயது 31, சர்க்கரை இல்லை, கர்ப்பம் இல்லை. 5 நாள் மாத்திரையை முடித்துவிட்டுப் பார்க்கலாமா, இன்றே டாக்டரிடம் போக வேண்டுமா?"

இன்றே போங்கள். நீர்க்கடுப்பு, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், விலா எலும்புக்குக் கீழே ஒரு பக்கமாக முதுகுவலி ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால், வேறு காரணம் தெளிவாகும்வரை அதைச் சிறுநீரகத் தொற்று என்றே வைத்து வைத்தியம் பார்ப்பார்கள். உங்களுக்கு மூன்றும் இருக்கிறது, நடுக்கமும் சேர்ந்திருக்கிறது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும், சிறுநீர் இறங்கும் பாதையில் கல் ஏதும் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்பதையெல்லாம் உங்களை நேரில் பார்த்துப் பரிசோதித்தால்தான் சொல்ல முடியும். இன்று போக வேண்டுமா என்ற முடிவுக்கு அவை எதுவும் தெரியத் தேவையில்லை.

உங்களைக் குழப்புவது எரிச்சல் குறைந்ததுதான். மருந்து வேலை செய்கிறது, காய்ச்சலும் தானாக அடங்கிவிடும் என்று நினைக்கத் தோன்றும். மருந்து வேலை செய்வதும் உண்மைதான், ஆனால் சிறுநீர்ப்பைக்குள் மட்டும். நைட்ரோஃபுரான்டாயினின் குணமே அப்படி. விழுங்கியதும் இரத்தத்தில் கலந்து, நிற்க நேரமில்லாமல் சிறுநீரோடு வெளியேறிவிடும். அதனால் சிறுநீரில் அதன் அடர்த்தி கிருமியைக் கொல்லும் அளவுக்குத் தாராளமாக இருக்கும். இரத்தத்திலும் சிறுநீரகத்தின் சதையிலும் மிகச் சொற்பமாகத்தான் இருக்கும். சிறுநீர்ப்பையின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் கிருமியைச் சிறுநீரே மருந்தாகி நனைத்துக்கொண்டே இருப்பதால் அங்கே எரிச்சல் தணிகிறது. சிறுநீரகத்துக்குள் புகுந்துவிட்ட கிருமியை அது போய்ச் சேருவதில்லை. ஒரே வேளையாகத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் 3 கிராம் ஃபாஸ்ஃபோமைசின் பொடிக்கும் இதே எல்லைதான். இரண்டும் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு முதல் வரிசையில் நிற்கும் நல்ல மருந்துகள்; சிறுநீரகத் தொற்றுக்கு இவற்றைக் கொடுப்பதில்லை. ஆகவே உங்கள் நிலையில் 5 நாள் மாத்திரையை முடிப்பது என்றால், தவறான இடத்துக்கான மருந்தை முடிப்பது என்று பொருள்.

இந்த வேறுபாடு எதனால் வருகிறது என்றால், பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுகள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. குடலில் சாதாரணமாக இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாதான் பெரும்பாலும் காரணம்; அது சிறுநீர்த் துவாரம் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு வருகிறது. பெண்களுக்கு அந்தத் துவாரத்திலிருந்து பைக்குள்ள தூரம் சுமார் 4 சென்டிமீட்டர்தான் என்பதால் இது சுலபம். பைக்குள் இருக்கும்வரை அது உள்சுவரின் மேற்பரப்பில் நடக்கும் சண்டை: எரியும், அவசரமாக வரும், போனால் நாலு சொட்டுதான் வரும், அடிவயிறு கடுக்கும், சிலருக்கு இரத்தம்கூடக் கலந்து வரும். இத்தனை தொல்லை இருந்தும் காய்ச்சல் பொதுவாக வராது. மேலே இரண்டு சிறுநீரகங்களிலிருந்து வரும் குழாய்கள் பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்துக்கொண்டு நுழைவதால், பை நிறையும்போது அந்த வாய் அமுங்கி மூடிக்கொள்ளும். கிருமி மேலே ஏறாமல் தடுக்கும் முக்கியக் காவல் அது. அதையும் தாண்டி கிருமி ஏறிவிட்டால் கதையே வேறு. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்கள் வழியாகத்தான் போகிறது. அங்கே கிருமி வேரூன்றினால் அதன் நச்சும், சில வேளை கிருமியே கூடவும் இரத்தத்தில் கலக்கும். பல் கிட்டித்துப் போர்வையைத் தேட வைக்கும் அந்த நடுக்கம் வருவது அதனால்தான். காய்ச்சலும் நடுக்கமும் வந்துவிட்டால் "வெறும் நீர்க்கடுப்பு" என்ற வட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

முதுகுவலியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் முதுகுவலி என்ற ஒரு சொல்லில் மூன்று நான்கு வலிகள் கலந்துவிடுகின்றன. சிறுநீரகம் இருப்பது பலர் கை வைக்கும் இடத்தில் இல்லை; இன்னும் மேலே இருக்கிறது. முதுகுத்தண்டும் கடைசி விலா எலும்பும் சந்திக்கும் கோணத்தில் கையை வையுங்கள், அந்த இடம்தான். பாவாடை நாடா, பேண்ட் பெல்ட் இருக்கும் உயரத்தில், நடுவில் கடுக்கும் வலி சிறுநீர்ப்பைத் தொற்றிலும் வரும், மாதவிடாய் நேரத்திலும் வரும். அதை வைத்துச் சிறுநீரகத்தைச் சந்தேகிப்பதில்லை. தசைப்பிடிப்பு என்றால் குனிந்தால், திரும்பினால், படுக்கையிலிருந்து எழுந்தால் சுள்ளென்று கூடும். அசையாமல் ஒரு வாகில் படுத்தால் குறையும். சிறுநீரகத் தொற்றின் வலி அப்படி நிலைக்கேற்ப மாறாது. ஒரே பக்கமாக, விடாமல், கனமாக வலிக்கும். டாக்டர் அந்தக் கோணத்தில் ஒரு உள்ளங்கையை வைத்து அதன் மேல் மறு கையின் முட்டியால் மெதுவாகத் தட்டுவார். நோயில்லாத பக்கத்தில் தட்டியது மட்டும் தெரியும். நோயுள்ள பக்கத்தில் ஆள் சுருண்டு விலகுவார். வீட்டில் யாரையாவது மென்மையாக ஒரு முறை தட்டச் சொல்லிப் பார்ப்பதில் தவறில்லை. வலித்தால் சந்தேகம் பலப்படும். வலிக்காவிட்டால் சிறுநீரகம் தப்பியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்த அளவுக்கு நம்பத்தக்க சோதனை அல்ல அது.

கல்லின் வலி இன்னொரு வகை. அலை அலையாக ஏறி இறங்கும், விலாவிலிருந்து இடுப்பு மடிப்பு வரை இறங்கும், ஆளை ஓரிடத்தில் இருக்க விடாது. கல் மட்டும் என்றால் காய்ச்சல் வராது. கல்லின் வலியும் நடுக்கத்தோடு காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அதுதான் இந்த வரிசையிலேயே ஆபத்தானது: அடைபட்ட குழாய்க்கு மேலே சீழ் கலந்த சிறுநீர் அழுத்தத்தோடு தேங்கி நிற்கும், சில மணி நேரத்திலேயே இரத்தம் நஞ்சாகலாம். அடைப்பு நீங்காமல் ஆன்டிபயாட்டிக் மட்டும் ஏற்றி அதைக் காப்பாற்ற முடியாது. சிறுநீர்ப்பை வழியாக ஸ்டென்ட் வைத்தோ, முதுகுப்பக்கம் துளையிட்டுக் குழாய் போட்டோ சிறுநீரை வெளியே எடுத்துவிட்டு, கல்லைப் பிறகு பார்த்துக்கொள்வார்கள். உங்களுக்கு முன்பு எப்போதாவது கல் இருந்தது என்றால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் முதல் வார்த்தையாகவே சொல்லுங்கள்.

காய்ச்சலை நீங்கள் அளந்து வைத்தது நல்லது. ஆனால் பாராசிட்டமால் போட்டு 2 மணி நேரம் கழித்து அளந்த கணக்கை நம்பாதீர்கள். அடுத்த வேளை மாத்திரை போடுவதற்கு முன் அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். அக்குளில் அளந்தால் வாயில் அளப்பதைவிடச் சுமார் ஒரு டிகிரி குறைவாகக் காட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் போட்டதும் காய்ச்சல் இறங்குகிறது என்பது தொற்றைப் பற்றி எதையும் சொல்லாது. எந்தக் காய்ச்சலையும் அது 4 முதல் 6 மணி நேரம் அமுக்கி வைக்கும். வலிக்கும் காய்ச்சலுக்கும் அதையே தொடரலாம்: ஒரு வேளைக்கு 500 முதல் 650 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. இடுப்பு வலி என்று சொல்லி டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைப் போடாதீர்கள். காய்ச்சலிலும் வாந்தியிலும் உடம்பில் நீர் வற்றியிருக்கும் வேளையில் அவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஏற்கெனவே தொற்றோடு இருக்கும் உறுப்புக்கு அது இன்னொரு அடி. எரிச்சலுக்குக் குடிக்கும் சிட்ரேட் சிரப்பும், சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் ஃபெனாசோபிரிடின் மாத்திரையும் எரிச்சலை மட்டும் மறைப்பவை, கிருமியைக் கொல்லாதவை. உங்கள் நிலையில் அவை வைத்தியத்தைத் தாமதப்படுத்தத்தான் உதவும்.

நைட்ரோஃபுரான்டாயின் சாப்பிடுகிறீர்கள் என்பதால் ஒரு குறுக்குச் சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு அந்த மருந்தே ஒவ்வாமல், ஆரம்பித்த சில நாட்களில் காய்ச்சலும் வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வரும். நீங்கள் இருமல், மூச்சிரைப்பு பற்றிச் சொல்லவில்லை, ஒரு பக்க விலா வலி இருக்கிறது, எனவே அது காரணமாக இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. இருந்தாலும் அப்படி ஏதாவது இருந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது பரிசோதனை. போன இடத்தில் புது ஆன்டிபயாட்டிக்கின் முதல் வேளை உள்ளே போவதற்கு முன்பு, சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சருக்கு மாதிரி கொடுத்துவிடுங்கள். யாரும் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். வெறும் நீர்க்கடுப்பு என்றால் பல டாக்டர்கள் கல்ச்சர் இல்லாமலே மருந்து தருவார்கள், அதில் தப்பில்லை. சிறுநீரகத் தொற்றில் கல்ச்சரை விடக் கூடாது, ஏனென்றால் முதல் மருந்து ஊகத்தில்தான் ஆரம்பிக்கப்படுகிறது, அது பலிக்காவிட்டால் எதற்கு மாற்றுவது என்று சொல்லப்போவது அந்த அறிக்கைதான். மாதிரி எடுக்கும் விதம் முக்கியம். கையைக் கழுவிவிட்டு, ஒரு கை விரல்களால் பிறப்புறுப்பின் உதடுகளை விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வரும் கொஞ்சத்தைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, ஓட்டத்தை நிறுத்தாமல் நடுவில் வருவதைப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். பாட்டிலின் வாயிலோ மூடியின் உட்புறத்திலோ விரல் படக் கூடாது. 2 மணி நேரத்துக்குள் லேப் கைக்குப் போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். அறை வெப்பத்தில் நாலைந்து மணி நேரம் கிடந்த மாதிரியில் கிருமி தானாகப் பெருகி அறிக்கையைப் பாழாக்கிவிடும். அறிக்கையில் பல கிருமிகள் கலந்து வளர்ந்திருப்பதாக எழுதியிருந்தால், பெரும்பாலும் மாதிரி எடுக்கும்போது தோலிலிருந்து கலந்தது என்றே அர்த்தம்.

கல்ச்சர் முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். அன்றே கிடைப்பது சாதாரண யூரின் டெஸ்ட். அதில் சீழ் அணுக்கள் கூடியிருக்கும், நைட்ரைட் பாசிட்டிவ் என்று வரலாம். நைட்ரைட் பாசிட்டிவாக இருந்தால் கிருமி இருப்பது ஏறக்குறைய உறுதி. நெகட்டிவாக இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது: சிறுநீர் பைக்குள் 4 மணி நேரமாவது தங்கினால்தான் ஈ.கோலை போதுமான நைட்ரைட்டை உண்டாக்கும், உங்களைப் போல அடிக்கடி போகிறவர்களுக்கு அந்த அவகாசமே இருக்காது. சில வகைக் கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதே இல்லை. முக்கியமாக, சீழ் அணுக்களின் எண்ணிக்கை தொற்று மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று சொல்லாது. 40 இருந்தால் பை, 100 இருந்தால் சிறுநீரகம் என்று ஒரு கணக்கு கிடையாது. அந்தப் பிரிவினையைச் செய்வது காய்ச்சல், நடுக்கம், வலியின் இடம், வாந்தி ஆகியவைதான். உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல்: 3 நாளாக உள்ளே போன மருந்து சிறுநீரில் இருக்கும் கிருமியை ஒடுக்கியிருக்கும். ஆகவே கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். மாத்திரை சாப்பிட்டதை மறைத்தால் அந்த வெற்று அறிக்கையைப் பார்த்துத் தொற்றே இல்லை என்று முடிவு கட்டும் அபாயம் உண்டு. கூடவே இரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்ப்பார்கள். காய்ச்சல் கடுமையாக இருந்தால் இரத்தக் கல்ச்சரும் எடுப்பார்கள். கர்ப்பம் இல்லை என்று நீங்கள் சொன்னாலும் அதற்கும் ஒரு சோதனை செய்யச் சொல்லக்கூடும். கோபப்படாதீர்கள்; இருந்தால் மருந்து மாறும், பெரும்பாலும் வார்டிலேயே சேர்த்துவிடுவார்கள்.

வாந்தி இல்லாமல் மாத்திரையும் தண்ணீரும் உள்ளே தங்குகிறது, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்றால் உங்கள் வயதில் வீட்டிலிருந்தே குணமாகலாம். வழக்கமாகச் செய்வது, ஊசியாக ஒரு வேளை நீடித்து வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக், பெரும்பாலும் 1 கிராம் செஃப்ட்ரியாக்சோன், பிறகு சிறுநீரகத்தின் சதைக்குள் போய்ச் சேரும் மாத்திரை. சிப்ரோஃபிளாக்சசின் குடும்பம் என்றால் 5 முதல் 7 நாள், மற்ற வகைகளுக்கு 7 முதல் 14 நாள் வரை போகும். எந்த மருந்து என்பதை உங்கள் வட்டாரத்தில் கிருமிகள் எதற்குக் கட்டுப்படுகின்றன என்று தெரிந்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சிப்ரோஃபிளாக்சசினுக்கு அடங்காத ஈ.கோலை பல நாடுகளில் இப்போது சாதாரணம், அதனால் பெயரைக் கேட்டு நீங்களே வாங்கிப் போடும் சோதனை வேண்டாம். தண்ணீர் தாகத்துக்கும் கொஞ்சம் கூடவும் குடித்தால் போதும். லிட்டர் லிட்டராகக் குடித்துக் கிருமியைக் கழுவிவிடலாம் என்பது சிறுநீரகத்தின் சதைக்குள் இருக்கும் கிருமிக்குப் பொருந்தாது.

சரியான மருந்து ஆரம்பித்த அன்றே காய்ச்சல் நின்றுவிடாது. இங்கேதான் பலர் பயந்து மருந்தை மாற்றுகிறார்கள். முதல் நாள் 102, இரண்டாம் நாள் 101, மூன்றாம் நாள் 99 என்று உச்சம் படிப்படியாகக் குறைந்தால், நடுக்கம் திரும்பாவிட்டால், பசி எட்டிப் பார்த்தால் சரியான வழியில் போகிறீர்கள். 48 முதல் 72 மணி நேரம் கழித்தும் காய்ச்சல் அதே உயரத்தில் நின்றால் இரண்டில் ஒன்று: கிருமி அந்த மருந்துக்கு அடங்காதது, அல்லது உள்ளே அடைப்போ சீழ்க்கட்டியோ இருக்கிறது. முதல் கேள்விக்குக் கல்ச்சர் பதில் சொல்லும், இரண்டாவதற்கு ஸ்கேன். எல்லோருக்கும் முதல் நாளே ஸ்கேன் தேவை என்பதில்லை. கல் இருந்த வரலாறு, அலை அலையான வலி, கிரியாட்டினின் ஏறியிருப்பது, கட்டுப்படாத சர்க்கரை இவற்றில் ஒன்று இருந்தால் காத்திருக்காமல் எடுக்க வேண்டும்.

நான் சொன்ன பிரிப்பு எல்லோருக்கும் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தாது, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். வயதானவர்களுக்கும், நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் காய்ச்சலே இல்லாமல் சிறுநீரகத் தொற்று வரலாம். திடீர்க் குழப்பம், சோர்வு, சாப்பாடு வேண்டாம் என்பது மட்டும் தெரியும். ஆண்களுக்கு நீர்க்கடுப்போடு காய்ச்சல் என்றால் புராஸ்டேட் சுரப்பியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும், மருந்து இன்னும் நீண்ட நாள் தேவைப்படும். கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். இவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் "வலி விலாவில் இல்லையே" என்று பொறுத்துப் பார்க்கும் சலுகை கிடையாது.

இன்று பகலிலேயே போய்விடுங்கள் என்று சொன்னேன். ஆனால் போவதற்குள் பின்வருபவற்றில் ஒன்று வந்தால் கிளினிக் வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்: குடித்த தண்ணீரும் நிற்காமல் வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, கை கால் சில்லென்று ஆகி வேர்ப்பது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 22க்கு மேல் மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, 6 மணி நேரமாகச் சிறுநீரே வராதது. போகும்போது சாப்பிட்ட மாத்திரையின் அட்டையையும், காய்ச்சலை எழுதி வைத்த தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். "யூரின் இன்ஃபெக்‌ஷன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், "நைட்ரோஃபுரான்டாயின் மூன்றாம் நாள், எரிச்சல் குறைந்தது, நேற்றிரவு நடுக்கத்தோடு 101.8, வலப்பக்க விலாவில் வலி" என்று இதே வரிசையில் சொல்லுங்கள்.